கேமில் சத்தம் ஏன் பிந்தி வருகிறது? வயர்லெஸ் ஹெட்போன், கோடெக், டாங்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்க்கும்போது உதடும் குரலும் சரியாத்தான் பொருந்துது. கேம் திறந்தா மட்டும் துப்பாக்கிச் சத்தம் லேட்டா வருது. ரெண்டுக்கும் ஒரே இயர்பட்ஸ்தானே?

படத்திலும் லேட்டாகத்தான் வருகிறது. உங்களுக்குத் தெரியாதபடி படத்தையும் அதே அளவுக்குப் பின்தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான். சத்தம் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று போனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பல இயர்பட்ஸ் அந்தக் கணக்கைத் தாங்களே சொல்லிவிடும். வீடியோ பிளேயர் அந்த நேரத்துக்குக் காட்சியைப் பிடித்து வைத்து, பிறகு விடும். அடுத்து வரப்போகும் காட்சி ஏற்கனவே கோப்பில் இருப்பதால் இப்படிச் செய்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

கேமில் அடுத்த காட்சியே கிடையாது. நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் அது பிறக்கிறது. சத்தத்துக்காகப் படத்தைப் பிடித்து வைத்தால், மவுஸை இன்று திருப்பினால் திரை நாளைக்குத் திரும்பும். அதனால் கேம் படத்தை உடனே காட்டிவிடுகிறது, சத்தம் தன் பாட்டுக்குப் பின்னால் வருகிறது.

ஆகவே “வீடியோ ஓட்டிப் பார்த்தேன், தாமதமே இல்லை” என்று யாராவது ஒரு ஹெட்போனைப் பற்றிச் சொன்னால் அதைக் கேமுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பரிசோதித்தது பிளேயரை, ஹெட்போனை அல்ல.

எத்தனை மில்லி விநாடி வரைக்கும் பரவாயில்லை?

காற்றில் சத்தம் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 30 மில்லி விநாடி தாமதம் என்றால் 10 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல; அது யாருக்கும் உறுத்தாது. 200 மில்லி விநாடி என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர். தூரத்தில் ஒருவர் மரம் வெட்டும்போது கோடரி மேலே எழுந்த பிறகு “டொக்” என்று கேட்குமே, அந்த அளவு.

என் அனுபவத்தில், வயருக்கு மேல் கூடுதலாக 40 மில்லி விநாடி வரை ஆட்டத்தில் தெரிவதில்லை. 70, 80ஐத் தொடும்போது ஏதோ பிசிறடிக்கிறது என்று கைக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. 120க்கு மேல் போனால் காதுக்கே தெரியும். முறைவைத்து நகர்த்தும் ஆட்டங்களுக்கு 200 கூடப் பிரச்சினையில்லை. காலடிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிச் சுட வேண்டிய ஆட்டத்தில் 200 என்றால், எதிராளி மூலையைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அவன் வரும் சத்தம் உங்களுக்குக் கேட்கும்.

புளூடூத்ல வர்ற அந்த 200 மில்லி விநாடி தாமதம் எங்கேதான் ஆகுது? புளூடூத் ரேடியோ அவ்வளவு மெதுவா?

ரேடியோ மெதுவே இல்லை. புளூடூத் தன் நேரத்தை 0.625 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு பொட்டலம் போய்ச் சேரச் சில துண்டுகள் போதும். சத்தத்தைச் சுருக்கும் வேலையும் பெரிய நேரம் எடுப்பதில்லை. சுருக்கி விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எஸ்பிசி கோடெக் வழக்கமாகச் சத்தத்தின் 128 மாதிரிகளை, அதாவது கணத்துக்குக் கணம் எடுத்த அளவுகளை, ஒரு கட்டாகக் கட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி விநாடிக்கும் குறைவு. ஏஏசி 1024 மாதிரிகளை ஒன்றாகக் கட்டுவதால் ஒரு கட்டுக்கு 23 மில்லி விநாடி ஆகிறது. அதைச் சேர்த்தாலும் 200 வரவில்லை, பாருங்கள்.

மிச்சமெல்லாம் பஃபர். அதாவது ஹெட்போன் வந்த சத்தத்தை உடனே ஒலிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து எடுத்து எடுத்து ஒலிக்கிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வரும். ஆனால் இப்போது மோட்டார் ஏற்றிய தண்ணீர், தொட்டியில் ஏற்கனவே இருப்பது தீர்ந்த பிறகுதான் குழாய்க்கு வரும். தொட்டி பெரிதாக இருந்தால் காத்திருப்பும் பெரிது.

தொட்டியை ஏன் பெரிதாகக் கட்டினார்கள் என்றால், புளூடூத்தில் பாட்டுக்கு இருக்கும் ஏ2டிபி என்ற முறை பாட்டுக்காகவே யோசிக்கப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை, மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே கத்திக்கொண்டிருக்கின்றன. ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் திரும்ப அனுப்ப வேண்டும், அதுவும் கெட்டால் இன்னொரு தடவை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவர் ஒருவருக்குப் பாட்டு ஒரு தடவை அறுந்தாலும் “ஹெட்போன் மட்டம்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். 200 மில்லி விநாடி தாமதத்தை அவர் வாழ்நாளில் கவனிக்கப்போவதில்லை. எனவே தயாரிப்பவர்கள் தொட்டியைப் பெரிதாகக் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் வாங்கிய பொருளின் வேலையே வேறு.

வயரே இல்லாத இரட்டை இயர்பட்ஸில் இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு காதிலும் சத்தம் ஒரே கணத்தில் ஒலித்தாக வேண்டும். ஒன்று வாங்கி மற்றதற்குக் கொடுத்தாலும், இரண்டும் தனித்தனியே வாங்கினாலும், பிந்தியதற்காக முந்தியது காத்திருக்க வேண்டும்.

அப்படின்னா எந்த கோடெக் போட்டா லேட் குறையும்?

கோடெக் பெயரைப் பார்த்துத் தாமதத்தைச் சொல்வது பாதி உண்மைதான். கோடெக்குடன் எவ்வளவு பெரிய தொட்டி சேர்ந்து வருகிறது என்பதுதான் கணக்கு.

எஸ்பிசி எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்கும். ஏஏசியை அநேகமாக எல்லா போன்களும் பேசும். ஐபோன் இந்த இரண்டை மட்டுமே பேசும். இரண்டிலும் கேமில் 150 முதல் 250 மில்லி விநாடி வரை பார்ப்பது சகஜம். “ஏஏசி தரமானது, அதனால் வேகமானது” என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 23 மில்லி விநாடிக் கட்டைப் பார்த்தால், எஸ்பிசியை விட அது வேகமாக இருக்கக் காரணமே இல்லை என்பது புரியும்.

எல்டிஏசி இன்னும் வேடிக்கை. விநாடிக்கு 990 கிலோபிட் வரை தள்ளுகிறது, பாட்டுக்கு அருமை. அவ்வளவு தரவை நெரிசலான காற்றில் அனுப்பினால் திரும்ப அனுப்ப வேண்டிய பொட்டலங்களும் அதிகம், ஆகவே தொட்டியும் பெரிது. கேமுக்கு என்று வரும்போது நான் முதலில் அணைப்பது இதைத்தான்.

ஆப்டெக்ஸ் குடும்பத்தில் சாதாரண ஆப்டெக்ஸ் சுருக்கி விரிப்பதற்கு ஓரிரு மில்லி விநாடிதான் எடுக்கும், ஆனாலும் பெரிய தொட்டியோடு வந்தால் அந்த வேகம் வீண். அதன் ‘லோ லேட்டன்சி’ வகைதான் தொட்டியையும் சேர்த்துச் சுருக்கியது. முனைக்கு முனை 40 மில்லி விநாடிக்குள் என்பது அதன் வாக்கு. சிக்கல் என்னவென்றால் போன்களில் அது கிட்டத்தட்ட வரவே இல்லை, தனி டிரான்ஸ்மிட்டர்களில்தான் கிடைத்தது. அதன் இடத்துக்கு வந்த ‘அடாப்டிவ்’ வகை, சூழலைப் பார்த்து வேகத்தையும் தரத்தையும் மாற்றிக்கொள்ளும். அதன் வாக்கு சுமார் 50 முதல் 80 மில்லி விநாடி.

இதெல்லாம் இரண்டு முனையிலும் அதே கோடெக் இருந்தால்தான். ஹெட்போன் பெட்டியில் ஆறு பெயர் அச்சடித்திருந்தாலும், உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ அவற்றில் ஒன்றுகூடத் தெரியாவிட்டால் பேச்சு எஸ்பிசியில்தான் நடக்கும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் புளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியில் இப்போது எது ஓடுகிறது என்று தெரியும். பைப்வயர் ஓடும் லினக்ஸ் கணினியில் ஹெட்போன் இணைந்திருக்கும்போது இதைக் கொடுத்துப் பாருங்கள்:

```
pactl list sinks | grep api.bluez5.codec
```

பெட்டியில புளூடூத் 5.3ன்னு போட்டிருக்கு. பழைய 5.0வை விட வேகமா இருக்குமில்ல?

இருக்காது. பாட்டு போகும் பாதை அதே ஏ2டிபிதான், தொட்டியின் அளவை முடிவு செய்வதும் ஹெட்போன் தயாரிப்பாளர்தான். அந்த எண்ணுக்கும் கேம் தாமதத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

எல்இ ஆடியோ வந்தாச்சே, இனிமே யூஎஸ்பியில செருகுற டாங்கிள் குச்சியே தேவையில்லைன்னு சொல்றாங்களே?

சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புளூடூத் முறையில் சத்தம் போகும் பாதையே புதிது. எல்சி3 என்ற கோடெக் 10 அல்லது 7.5 மில்லி விநாடிக் கட்டுகளாகச் சத்தத்தை அனுப்புகிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கெடு உண்டு: இத்தனை மணிக்குள் வந்து சேர், இல்லாவிட்டால் உன்னை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம் என்பது ஏற்பாடு. இரண்டு காதுக்கும் தனித்தனி ஓட்டம், ஒரே கடிகாரம். தாமதத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதற்கான அடித்தளம் புளூடூத் 5.2இல் வந்தாலும், 5.2 அல்லது 5.3 என்று அச்சடித்த எல்லாப் பொருளிலும் எல்இ ஆடியோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெட்போன், கணினியின் ரேடியோ, அதன் டிரைவர், இயங்குதளம் நான்கும் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் சத்தமில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். திரையில் “இணைக்கப்பட்டது” என்றுதான் இருக்கும்.

இயர்பட்ஸ்ல வர்ற கேம் மோட் பட்டன் நிஜமாவே ஏதாவது பண்ணுதா, இல்ல சும்மா விளம்பரமா?

நல்ல தயாரிப்பில் நிஜமாகவே செய்கிறது: தொட்டியைச் சுருக்குகிறது. அதற்கான விலையை உடனே பார்க்கலாம். கேம் மோடைப் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்து போங்கள். சாதாரணமாக அறுபடாத இடத்தில் அறுபடும். அறுபடவே இல்லை, தாமதமும் குறையவில்லை என்றால் அந்தப் பட்டன் ஒரு குரல் அறிவிப்பை மட்டும்தான் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

என் ஹெட்போன்ல எவ்வளவு லேட்டுன்னு நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும், ஒரு போனும் ஒலிப்பதிவைத் திருத்தும் ஏதாவது ஒரு செயலியும் போதும். ஆடாசிட்டி இலவசம்.

அடிப்படை இதுதான். மவுஸ் பட்டன் அழுத்தும்போது “டிக்” என்று ஒரு சத்தம் வருகிறது. சிறிது நேரம் கழித்து ஹெட்போனில் “டுமீல்” வருகிறது. இரண்டையும் ஒரே மைக்கில் பதிந்து, இடைவெளியை அளக்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளி முழுவதும் ஹெட்போனின் குற்றம் அல்ல. மவுஸ், கேம், இயங்குதளம் எல்லாவற்றின் பங்கும் அதில் உண்டு. அதனால் அதே காட்சியில் சாதாரண வயர் ஹெட்போனிலும் அளந்து, அதைக் கழிக்க வேண்டும்.

என் மேசையில் செய்ததைச் சொல்கிறேன். போனின் மைக் பக்கத்தை மவுஸுக்கு ஒட்டி வைத்தேன், ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் மேலேயே கவிழ்த்தேன். கேமில் பயிற்சி மைதானத்துக்குப் போய், ஒற்றைத் தோட்டா சுடும் துப்பாக்கியை எடுத்து, இரண்டு விநாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை சுட்டேன். பதிவைத் திறந்தால் அலையில் ஒல்லியான ஊசி ஒன்று, பிறகு தடித்த மலை ஒன்று, என்று மாறி மாறி வரும். ஊசியின் தொடக்கத்திலிருந்து மலையின் தொடக்கம் வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் நேரம் கீழே தெரியும். உச்சியிலிருந்து உச்சிக்கு அளக்காதீர்கள். வெடிச் சத்தத்தின் உச்சி தொடக்கத்திலிருந்து தள்ளி இருக்கும்.

முதல் இரண்டு வெடிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அமைதியாக இருந்தால் சில வயர்லெஸ் ஹெட்போன்கள் தூங்கிவிடும், எழும்போது முதல் சத்தத்தின் தலையை விழுங்கிவிடும். மீதிப் பத்தும் ஒரே எண்ணாக வராது. விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில், பிரேமின் எந்த இடத்தில் அழுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தே 16 மில்லி விநாடி வரை ஆடும். ஆகவே பத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டேன்.

வயரில் 71 வந்தது. அதே லேப்டாப்பில் ஏஏசியில் இயர்பட்ஸ் 247, அதாவது ஹெட்போன் கூட்டியது 176. கேம் மோட் போட்டதும் 139, கூடுதல் 68. டாங்கிளோடு வந்த ஹெட்செட் 98, கூடுதல் 27. டாங்கிளுக்கும் கேம் மோடுக்கும் 41 மில்லி விநாடிதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் முன்பு சொன்ன 40 மில்லி விநாடிக் கோட்டின் இரண்டு பக்கமும் விழுகின்றன.

இரண்டு பொறிகள் உண்டு. போனின் பதிவுச் செயலி இரைச்சல் நீக்கம் செய்தால் மவுஸின் “டிக்”கையே துடைத்துவிடும். ஊசி தெரியவில்லை என்றால் அதை அணையுங்கள் அல்லது வேறு செயலியில் பதியுங்கள். இன்னொன்று, வயரில் அளக்க அதே வயர்லெஸ் ஹெட்செட்டில் கேபிள் மாட்டாதீர்கள். சிலவற்றில் கேபிள் வழியாக வரும் சத்தமும் உள்ளே இருக்கும் சிப்பைச் சுற்றித்தான் காதுக்கு வருகிறது. எதுவுமே இல்லாத எளிய வயர் இயர்போன்தான் இதற்குச் சரி.

டாங்கிளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே? அது மட்டும் எப்படி வேகமா போகுது?

அலைவரிசை ஒன்றுதான், ஒப்பந்தம் வேறு. புளூடூத் ஹெட்போன் தன் எதிரில் எந்த போன் வரும், அதில் எந்த டிரைவர், பக்கத்தில் எத்தனை சாதனம் என்று எதுவும் தெரியாமல் பிறக்கிறது. அதனால் மோசமான நிலைமைக்குத் தயாராகத் தொட்டியைப் பெரிதாக வைத்துக்கொள்கிறது. டாங்கிளின் எதிர்முனை எது என்று தொழிற்சாலையிலேயே தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கையால் எழுதப்பட்டவை. சின்னச் சின்னப் பொட்டலங்கள், இறுக்கமான அட்டவணை, சின்னத் தொட்டி. வராத பொட்டலத்துக்காக வெகுநேரம் காத்திருக்காமல் அந்த இடைவெளியை ஒப்பேற்றிவிட்டு நகர்ந்துவிடும். பத்து மீட்டருக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது போதும் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

கணினிப் பக்கமும் வேலை குறைகிறது. யூஎஸ்பியில் செருகியதும் கணினிக்கு அது ஒரு சவுண்ட் கார்டு மட்டுமே. புளூடூத் அடுக்கு, கோடெக் பேரம் எதுவும் கிடையாது. பல லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருந்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் மாறி மாறித்தான் பேசுகின்றன. ஆன்லைன் கேம் வைஃபையை விடாமல் உபயோகிக்கும்போது புளூடூத் சத்தம் திணறுவது அதனால்தான். டாங்கிளுக்குத் தனி ரேடியோ. (புளூடூத்தையே நம்பி இருப்பவர்கள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பாதி அறுபடல் போய்விடும்.)

டாங்கிள்னு தேடினா விதவிதமா வருது. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் தவறான பொருளை வாங்குகிறார்கள். மூன்று வகை உண்டு; வெளியே பார்த்தால் மூன்றும் கட்டைவிரல் நகம் அளவு யூஎஸ்பிக் குச்சிதான்.

முதலாவது சாதாரண புளூடூத் அடாப்டர். கணினியில் புளூடூத் இல்லாவிட்டால் அதைக் கொடுக்கும், வேறெதுவும் இல்லை. செருகியபின் ஹெட்போனை அமைப்புகளில் போய்த்தான் இணைக்க வேண்டும் என்றால் இது அந்த வகை. தாமதம் முன்னே எப்படியோ பின்னும் அப்படியே.

இரண்டாவது புளூடூத் ஆடியோ டிரான்ஸ்மிட்டர். கணினிக்குத் தன்னைச் சவுண்ட் கார்டு என்று காட்டிக்கொண்டு, உள்ளே தானே புளூடூத் பேசும். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி அல்லது அடாப்டிவ் தெரிந்த ஹெட்போன் ஏற்கனவே உங்களிடம் இருந்தால் இது நல்ல வழி. ஹெட்போனுக்கு அந்தக் கோடெக் தெரியாவிட்டால் காசு தண்டம். எல்இ ஆடியோ பேசும் டிரான்ஸ்மிட்டர்களும் இந்த வகையில் சேரும்.

மூன்றாவதுதான் ஹெட்செட்டோடு பெட்டியிலேயே வரும் தனி டாங்கிள். மேலே நான் 27 என்று அளந்தது இதை. இது தன் ஹெட்செட்டோடு மட்டும்தான் பேசும். தனியாக வாங்கி வேறு ஹெட்போனுக்குப் போட முடியாது. தொலைந்தால் அதே மாடலுக்கான மாற்று டாங்கிள் கிடைக்கிறதா என்று தேட வேண்டும், பல மாடல்களுக்குக் கிடைக்காது.

மைக்கை ஆன் பண்ணின உடனே கேம் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடுது. ஹெட்போன் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. பழைய புளூடூத்தில் பாட்டுப் பாதை ஒருவழிச் சாலை. மைக் வேண்டுமென்றால் அதை மூடிவிட்டு, தொலைபேசி அழைப்புக்கான பாதைக்கு மாற வேண்டும். அங்கே ஒற்றைக் காதுச் சத்தம்தான், மாதிரி வேகமும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். இடமா வலமா என்பதே போய்விடுவதால் காலடி எந்தப் பக்கம் என்று கேட்டுப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த மட்டமான பாதையில் சத்தம் பெரும்பாலும் சீக்கிரமாக வரும். உரையாடலுக்கு என்று தொட்டியைச் சின்னதாக வைத்தார்கள்.

மாற்று வழி சுலபம். கேமின் குரல் அமைப்பிலும் நண்பர்களோடு பேசும் செயலியிலும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையோ ஒரு வயர் மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஒலி வெளியீட்டில் `Hands-Free` என்ற பெயரோடு ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். தனி டாங்கிளில் இந்தத் தகராறே கிடையாது. இருபக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். தாமதத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கூட நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடுபவராக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காக டாங்கிள் பக்கம் போகலாம்.

டாங்கிள் வாங்கியாச்சு. ஆனா சத்தம் விட்டு விட்டு வருது, டக் டக்னு வெட்டுது.

எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேசைக் கணினியின் பின்பக்கம், நீல நிற யூஎஸ்பி 3 துளை, பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க் என்றால் நோய் தெரிந்துவிட்டது. யூஎஸ்பி 3 தரவை அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கசியும். இன்டெல் 2012இல் இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. டாங்கிளின் சின்ன ஆன்டெனா அந்த இரைச்சலின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு நடுவில் இரும்புப் பெட்டி, மேசை, உங்கள் கால்கள்.

சோதிப்பதும் எளிது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டு ஹெட்செட்டில் பாட்டு கேளுங்கள். நகல் ஓடும்போது மட்டும் வெட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளை மானிட்டருக்கு அடியில், ஹெட்செட்டின் பார்வையில் படும்படி வையுங்கள். எனக்குத் தெரிந்து திருப்பிக் கொடுக்கப்பட்ட இரண்டு ஹெட்செட்டுகளுக்கு இந்தக் கேபிள் மட்டுமே தேவைப்பட்டிருக்கும்.

கன்சோலுக்கு எது சரிவரும்?

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டும் சாதாரண புளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்காது, எனவே அங்கே தேர்வே இல்லை. எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்று அனுமதி பெற்ற வயர்லெஸ் ஹெட்செட்தான் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் டாங்கிளை அதில் செருகினால் சும்மா இருக்கும். வாங்குமுன் பெட்டியில் உங்கள் கன்சோல் பெயர் இருக்கிறதா பாருங்கள். நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 2021 செப்டம்பர் அப்டேட்டில் புளூடூத் சத்தம் வந்தது, ஆனால் மைக் வேலை செய்யாது, வயர்லெஸ் கன்ட்ரோலரும் இரண்டுக்கு மேல் இணையாது.

ரிதம் கேம்ல ஆஃப்செட் மாத்தினா சரியாயிடும்னு சொல்றாங்களே, மத்த கேம்லயும் அப்படி ஒரு செட்டிங் இருந்தா போதாதா?

தாளத்துக்கேற்பத் தட்டி ஆடும் ரிதம் கேமில் என்ன பாட்டு என்பது கேமுக்கு ஏற்கனவே தெரியும். அது படத்தைப் போன்றதுதான்: ஆஃப்செட் அமைப்பில் 180 மில்லி விநாடி தாமதம் என்று சொல்லிவிட்டால், திரையில் ஓடும் குறிகளை 180 பின்தள்ளி, நீங்கள் அடிக்கும் நேரத்தையும் அதற்கேற்பக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் அடித்ததும் கேட்க வேண்டிய தட்டுச் சத்தத்தை யாராலும் முன்கூட்டி அனுப்ப முடியாது. அது 180 தள்ளித்தான் வரும். பாட்டுக்கு எதிர்த்தாளம் போடுவது போல இருக்கும். அதனால் ஆஃப்செட் வைத்தவர்கள் அந்தத் தட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். மற்ற கேம்களில் பெரும்பாலான சத்தமும் இந்தத் தட்டுச் சத்தத்தின் ஜாதிதான், எனவே அங்கே ஆஃப்செட்டுக்கு வேலையில்லை.

நான் போன்லதான் அதிகம் விளையாடுறேன். எனக்கும் டாங்கிள் வேணுமா?

சி டைப் துளையில் நேரடியாகச் செருகும் டாங்கிள்கள் இருக்கின்றன, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடும். ஆனால் பையிலிருந்து எடுக்கும்போது வளையும், சார்ஜ் போடத் துளை இருக்காது, படுத்துக்கொண்டு ஆடினால் உள்ளங்கையில் குத்தும். தினம் ஒரு மணி நேரம் போட்டி ஆட்டம் ஆடுபவர் இதைப் பொறுத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் கேம் மோட் போட்டு, எல்டிஏசி ஓடினால் அதை மாற்றி, மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். கூடுதல் 80க்குள் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வராவிட்டால், டாங்கிளுக்கு முன் சி டைப் வயர் இயர்போன் ஒன்றைச் செருகிப் பாருங்கள். உங்களுக்கு உண்மையிலேயே தாமதம்தான் தொல்லையா, இல்லை நெட்வொர்க்கா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.